விழுந்ததை வாங்குவதா, ஏறுவதை வாங்குவதா

பங்குச் சந்தையில் காலம் காலமாகச் சொல்லப்படும் இரண்டு அறிவுரைகள் ஒன்றையொன்று மறுப்பவை. யாரும் சீண்டாமல் மலிந்து கிடக்கும் பங்கை வாங்கு என்கிறது ஒன்று. எல்லோரும் வாங்கி ஏறிக்கொண்டிருக்கும் பங்கை வாங்கு என்கிறது மற்றொன்று. முதலாவதை மதிப்பு முதலீடு என்றும் இரண்டாவதை உந்த முதலீடு என்றும் சொல்கிறோம். இவற்றில் ஒன்று சரியானால் மற்றொன்று பிழையாகத்தானே இருக்க வேண்டும்? ஆனால் அமெரிக்கச் சந்தையின் பல பத்தாண்டு விலை விவரங்கள் இரண்டுமே ஆதாயம் தந்திருப்பதாகக் காட்டுகின்றன. இந்த ஆதாயம் முதலீட்டாளர் சுமந்த இடருக்குக் கிடைத்த கூலியா, பிறர் செய்த பிழையிலிருந்து கிடைத்த லாபமா என்பதே நிதியியலாளர்களிடையே நாற்பது ஆண்டுகளாக நடந்துவரும் வழக்கு.

முதலில் மதிப்பு. யூஜின் ஃபாமாவும் கென்னத் ஃபிரெஞ்சும் 1992இல் வெளியிட்ட ஆய்வில், 1963 முதல் 1990 வரையிலான அமெரிக்கப் பங்குகளை, கணக்கேட்டின்படி பங்குதாரர்களுக்குச் சேர வேண்டிய தொகையான புத்தக மதிப்புக்கும் சந்தை மதிப்புக்கும் உள்ள விகிதத்தின்படி வரிசைப்படுத்தினார்கள். அந்த விகிதம் மிகக் குறைவாக இருந்த, அதாவது சந்தை உச்சிமேல் வைத்துக் கொண்டாடிய பங்குகள் மாதத்துக்குச் சராசரியாக 0.30 சதவீதம் ஈட்டின; விகிதம் மிக அதிகமாக இருந்த மலிவுப் பங்குகள் 1.83 சதவீதம் ஈட்டின. அதுவரை பாடநூல்கள் இடரின் ஒரே அளவுகோலாகக் கற்பித்துவந்த, சந்தை அசையும்போது ஒரு பங்கு எவ்வளவு அசைகிறது என்பதைச் சொல்லும் பீட்டாவால் இந்த இடைவெளியை விளக்க முடியவில்லை. இதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே வெர்னர் டி பாண்டும் ரிச்சர்ட் தேலரும் நியூயார்க் சந்தையில் இதற்கு நெருங்கிய உறவுள்ள ஒன்றைக் கண்டிருந்தார்கள். மூன்று ஆண்டுகளில் மிக மோசமாக விழுந்த பங்குகள், அதே காலத்தில் மிக அதிகமாக ஏறிய பங்குகளைவிட, அடுத்த மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 25 சதவீதம் கூடுதலாக ஈட்டின.

உந்தத்தின் சான்று 1993இல் நரசிம்மன் ஜெகதீஷும் ஷெரிடன் டிட்மனும் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்குகிறது. அவர்களுடைய முறை எளிது. கடந்த ஆறு மாத ஏற்ற இறக்கத்தின்படி எல்லாப் பங்குகளையும் பத்துக் கூறுகளாகப் பிரித்து, அதிகம் ஏறிய முதல் கூற்றில் உள்ளவற்றை வாங்கி, அதிகம் விழுந்த கடைசிக் கூற்றில் உள்ளவற்றை இரவல் வாங்கி விற்று, ஆறு மாதம் வைத்திருக்க வேண்டும். 1965 முதல் 1989 வரை இப்படிச் செய்திருந்தால் ஆண்டுக்குச் சராசரியாக 12.01 சதவீதம் கூடுதல் ஆதாயம் கிடைத்திருக்கும். எனக்கு இந்த எண்ணைவிட, அதே கட்டுரையில் உள்ள இன்னொரு முடிவுதான் முக்கியமாகப் படுகிறது: முதல் ஓராண்டில் சேர்ந்த ஆதாயத்தில் பாதிக்கு மேல் அடுத்த இரண்டு ஆண்டுகளில் கரைந்துபோகிறது. ஓராண்டுக்குள் பார்த்தால் ஓடுவது ஓடுகிறது. மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் பார்த்தால் ஓடியது திரும்புகிறது. எந்த விளக்கமானாலும் இந்த இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்ல வேண்டும்.

இடர் தரப்பின் வாதம் மதிப்பு முதலீட்டில் வலுவாக நிற்கிறது. மலிவுப் பங்குகள் பெரும்பாலும் லாபம் சுருங்கிய, கடன் ஏறிய, பழைய ஆலைகளோடு கட்டுண்டு கிடக்கும் நிறுவனங்களுடையவை. பொருளாதாரம் சரியும்போது புதிய மென்பொருள் நிறுவனம் ஆள் சேர்ப்பதை நிறுத்திக்கொள்ளலாம். எஃகு ஆலையோ வாங்கிப் போட்ட உலையைத் திருப்பிக் கொடுக்க முடியாது. லூ ஜாங் 2005இல் இதையே கோட்பாடாக வடித்தார். முதலீட்டைக் குறைப்பதற்கு ஆகும் செலவு அதிகம் என்பதால், இத்தகைய நிறுவனங்கள் சரியாக நெருக்கடி நேரத்தில் அதிகம் அடிபடுகின்றன. தன் வேலையே போகுமோ என்று அஞ்சும் நேரத்தில் கையிலிருக்கும் பங்கும் சரிந்தால் அதைவிடக் கொடுமை வேறில்லை. அந்த அச்சத்துக்கு ஈடு கேட்பது நியாயம். 2008இல் மலிவுப் பங்குகளின் பட்டியலில் வங்கிகள் நிறைந்திருந்ததையும் அவற்றுக்கு நேர்ந்த கதியையும் நினைவில் வைத்திருப்பவர் இந்த வாதத்தை எளிதில் ஒதுக்கமாட்டார்.

ஆயினும் இடர் தரப்பு தாண்ட முடியாமல் தடுமாறும் இடங்கள் இருக்கின்றன. ஜோசப் லகோனிஷோக், ஆந்த்ரே ஷ்லைஃபர், ராபர்ட் விஷ்னி ஆகியோர் 1994இல், சந்தையின் மிக மோசமான மாதங்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோது மலிவுப் பங்குகள், சந்தை கொண்டாடும் கவர்ச்சிப் பங்குகளைவிட மோசமாக விழவில்லை என்று காட்டினார்கள். திவாலாகும் வாய்ப்பே இடர் என்றால், அந்த வாய்ப்பு மிகுந்த நிறுவனங்களின் பங்குகள் அதிகம் ஈட்டியிருக்க வேண்டும். இலியா டிச்செவின் 1998 ஆய்வு அவை குறைவாகவே ஈட்டியதைக் கண்டது. இவற்றைவிடக் கூர்மையான சான்று 1997இல் வந்தது. காலாண்டு முடிவுகள் வெளியாகும் நாளையொட்டிய மூன்று நாட்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், மலிவுப் பங்குகளுக்கும் கவர்ச்சிப் பங்குகளுக்கும் உள்ள ஆதாய வேறுபாட்டில் கணிசமான பகுதி அந்தச் சில நாட்களிலேயே குவிந்திருந்தது. இடருக்கான கூலி ஆண்டு முழுவதும் பரவலாகக் கிடைக்க வேண்டியது; முடிவு வெளியாகும் நாளில் குவிகிறதென்றால், அன்று சந்தை எதிர்பாராததைக் கண்டு தன் கணிப்பைத் திருத்திக்கொள்கிறது என்றே பொருள்படும். மூன்று ஆண்டு வளர்ச்சியைக் கோடு போட்டு நீட்டிக்கொண்டே போகும் மனப்போக்கு, அதாவது நேற்று நடந்ததே நாளையும் நடக்கும் என்ற நம்பிக்கை, இங்கே உடைகிறது.

உந்தத்துக்கு வந்தால் இடர் தரப்பின் நிலை இன்னும் பரிதாபம். கடந்த ஆண்டு விழுந்த பங்குகள் நெருக்கடியில் உள்ள நிறுவனங்களுடையவை. இடருக்குக் கூலி என்றால் அவையே அதிகம் ஈட்ட வேண்டும். ஃபாமாவும் ஃபிரெஞ்சும் சந்தை, நிறுவனத்தின் அளவு, மதிப்பு ஆகியவற்றைக் கொண்டு ஆதாயத்தை விளக்கும் தங்கள் மூன்று காரணி மாதிரியைக் கொண்டு 1996இல் நீண்டகாலத் திருப்பத்தை விளக்கிவிட்டார்கள். ஆனால் குறுகியகாலத் தொடர்ச்சிக்கு அந்த மாதிரி விடை தரவில்லை என்பதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள். வளர்ச்சி வீதம் கூடும்போது பங்கின் இடரும் கூடுகிறது என்பன போன்ற நுட்பமான மாதிரிகள் பின்னால் வந்தன. அவை கணிதமாக அழகானவை; ஆனால் ஓராண்டுக்குப் பின் ஆதாயம் ஏன் திரும்பிக் கரைகிறது என்று கேட்டால் அவற்றிடம் தெளிவான பதில் இல்லை. பழைய இடர் தீர்ந்ததால் கூலி நின்றது என்று சொல்லலாம். கொடுத்த கூலியை ஏன் திருப்பி வாங்க வேண்டும்?

நடத்தைத் தரப்பு இங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறது. என் பெரியப்பா 240 ரூபாய்க்கு வாங்கிய ஒரு பங்கு 150க்கு இறங்கியபோது, “வாங்கின விலை வந்தா கொடுத்துடலாம்” என்று ஆறு ஆண்டுகள் வைத்திருந்தார். அதே நாட்களில் 90க்கு வாங்கிய இன்னொன்று 120 ஆனதும், “லாபம் பார்த்தாச்சு” என்று அன்றே விற்றுவிட்டார். ஹெர்ஷ் ஷெஃப்ரினும் மெய்ர் ஸ்டாட்மனும் 1985இலேயே விளக்கிய இந்தப் பழக்கம் ஒருவரிடம் இருந்தால் அது அவருடைய நட்டம். பலரிடம் ஒரே திசையில் இருந்தால் விலையையே வளைக்கும். நல்ல செய்தி வந்த பங்கைச் சீக்கிரம் விற்க வருபவர்கள் கூடுவதால் அதன் விலை போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு மெல்லத்தான் போகிறது. கெட்ட செய்தி வந்த பங்கை விற்க மனம் வராததால் அதன் விலை மெல்லத்தான் இறங்குகிறது. கடந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்து வாங்குபவர் இந்த மந்தத்தையே அறுவடை செய்கிறார். மார்க் கிரின்பிளாட்டும் பிங் ஹானும் 2005இல், முதலீட்டாளர்களின் வாங்கிய விலையைத் தோராயமாகக் கணித்துச் சேர்த்துப் பார்த்தபோது, உந்தத்தின் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிட்டது. பகுப்பாய்வாளர்கள் அதிகம் கவனிக்காத நிறுவனங்களில், குறிப்பாகக் கெட்ட செய்தியில், உந்தம் வலுவாக இருப்பதாக ஹாங், லிம், ஸ்டீன் ஆகியோர் 2000இல் கண்டதும் இதோடு பொருந்துகிறது. மெதுவாகப் பரவும் செய்தியின் பின்னால் வந்து சேரும் கூட்டம், நிற்க வேண்டிய இடம் தெரியாமல் விலையைத் தாண்டி ஓட்டிச் செல்ல, பின்னர் அது திரும்புகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு நடத்தைத் தரப்பிடமும் ஒன்றைக் கேட்டாக வேண்டும். 1993இலிருந்து எல்லோருக்கும் தெரிந்த பிழையைப் பணமுள்ளவர்கள் ஏன் இன்னும் சுரண்டித் தீர்க்கவில்லை? ஓரளவு தீர்த்திருக்கிறார்கள் என்பதற்குச் சான்று உண்டு. டேவிட் மெக்லீனும் ஜெஃப்ரி பாண்டிஃபும் இத்தகைய 97 முன்னறிகுறிகளைச் சோதித்ததில், ஆய்வு வெளியான பிறகு அவற்றின் ஆதாயம் சராசரியாக 58 சதவீதம் குறைந்திருந்தது. முழுக்க இடரின் கூலியாக இருந்தால் ஒரு கட்டுரை வெளியானதற்காகக் கூலி குறையத் தேவையில்லை. ஆனால் மீதி ஏன் எஞ்சுகிறது?

அதற்கு 2009 மார்ச் மாதத்துக்குப் போக வேண்டும். உந்த முறைப்படி அன்று இரவல் வாங்கி விற்க வேண்டிய பங்குகள், முந்தைய ஓராண்டில் தரைமட்டமானவை. மார்ச் முதல் மே வரையிலான மூன்று மாதங்களில் அந்தக் கடைசிக் கூறு 163 சதவீதம் ஏறியது. வாங்கிவைத்திருக்க வேண்டிய முதல் கூறு 8 சதவீதமே ஏறியது. கெண்ட் டேனியலும் டோபியாஸ் மாஸ்கோவிட்ஸும் பதிந்துள்ள இந்த எண்களுக்கு ஒரு முன்னோடியும் உண்டு: 1932 ஜூலை, ஆகஸ்டில் கடைசிக் கூறு 232 சதவீதமும் முதல் கூறு 32 சதவீதமும் ஏறின. ஒரு நிதி மேலாளர் இந்த முறையில் பிறருடைய பணத்தைப் போட்டிருந்தால், நீண்டகாலச் சராசரி தன் பக்கம் இருக்கிறது என்று விளக்குவதற்கு முன்பே அந்தப் பணம் அவரை விட்டுப் போயிருக்கும். பிழையைத் திருத்த வருபவருக்கு இருக்கும் இந்த இடர்தான் பிழையை உயிரோடு வைத்திருக்கிறது என்பது என் கருத்து. உந்தம் எப்படிப் பிறக்கிறது என்பதற்கு நடத்தையும், ஏன் சாகவில்லை என்பதற்கு இடரும் பதில் சொல்கின்றன. மதிப்பில் இந்தக் கலவை வேறு: அங்கே பிறப்பிலேயே இரண்டும் கலந்திருக்கின்றன; எது எத்தனை பங்கு என்பதைப் பிரித்தெடுக்கப் போதுமான நெருக்கடிகள் விவரக் கோப்பில் இல்லை.

அந்தப் பற்றாக்குறை எவ்வளவு பெரியது என்பதை ஃபாமாவும் ஃபிரெஞ்சுமே பின்னாளில் காட்டினார்கள். 1963 ஜூலை முதல் 1991 ஜூன் வரை, பெரிய நிறுவனங்களின் மலிவுப் பங்குகள் சந்தையைவிட மாதத்துக்கு 0.36 சதவீதம் கூடுதலாக ஈட்டின. அடுத்த இருபத்தெட்டு ஆண்டுகளில் அது 0.05 சதவீதமாகச் சுருங்கியது. இவ்வளவு பெரிய வீழ்ச்சிக்குப் பிறகும், மாதாந்தர ஏற்ற இறக்கத்தின் இரைச்சல் அதிகம் என்பதால், எதிர்பார்க்கும் ஆதாயம் உண்மையிலேயே குறைந்துவிட்டது என்று புள்ளியியல்படி அவர்களால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. ஐம்பத்தாறு ஆண்டு விவரம் போதவில்லை என்றால், ஐந்து ஆண்டு வரைபடத்தைக் காட்டி விற்கப்படும் திட்டங்களைப் பற்றி என்ன சொல்வது?

மதிப்பும் உந்தமும் எதிரெதிர்த் திசையில் அசைவதை ஆஸ்னஸ், மாஸ்கோவிட்ஸ், பெடர்சன் ஆகியோர் 2013இல் பல நாட்டுப் பங்குகளிலும், நாணயங்களிலும், சரக்குகளிலும்கூடக் கண்டார்கள். ஒன்று விழும்போது மற்றொன்று தாங்குவதால், இரண்டையும் சேர்த்து வைத்திருப்பவரின் மொத்த இடர் குறைகிறது. ஆதாயம் அந்த அளவுக்குக் குறைவதில்லை. நடைமுறை முதலீட்டாளருக்கு இது நல்ல செய்தி. இடர் தரப்புக்கோ இது இன்னொரு தலைவலி, ஏனெனில் ஒன்றையொன்று ஈடுகட்டும் இரண்டு இடர்களுக்கு இரண்டு கூலி ஏன் என்று அது சொல்ல வேண்டியிருக்கிறது. ஃபாமாவும் ஃபிரெஞ்சும் 2015இல் தங்கள் மாதிரியை ஐந்து காரணிகளாக விரித்தபோதும் உந்தத்துக்கு இடம் கொடுக்கவில்லை. 2018இல் அதை ஆறாவதாகச் சேர்த்தார்கள். பலரும் விடாமல் கேட்டதால், சற்றுத் தயக்கத்தோடு சேர்ப்பதாக எழுதினார்கள்.