ஆறிய காபி ஏன் தானாகச் சூடாவதில்லை: முதலாண்டு மாணவர்களுக்கு என்ட்ரோபி

எவர்சில்வர் டம்ளரில் 150 மில்லி காபி, 80 °C. அறை 30 °C. குடிக்க மறந்துவிட்டால் காபி அறை வெப்பநிலைக்கு ஆறிவிடும். அது இழந்த வெப்பம் சுமார் 31,400 ஜூல் (காபியைத் தண்ணீர் என்றே வைத்துக்கொள்கிறோம்). அந்த ஆற்றல் தொலைந்துபோகவில்லை. அறைக் காற்றிலும் மேசையிலும்தான் இருக்கிறது. அதே 31,400 ஜூல் திரும்பி வந்து காபியைச் சூடாக்கினால் என்ன? வெப்பஇயக்கவியலின் முதல் விதிக்கு ஆட்சேபணையே இல்லை. ஆற்றல் கணக்கு அப்போதும் சரியாக இருக்கும். குறுக்கே நிற்பது என்ட்ரோபி பற்றிய இரண்டாம் விதி.

என்ட்ரோபி என்ற பெயரை 1865-இல் வைத்தவர் கிளாசியஸ். அவருடைய வரையறை dS = dQ/T. இங்கே dQ மீள் முறையில் பரிமாறப்படும் வெப்பம், T கெல்வினில். வகுக்கும் இடத்தில் T இருப்பதுதான் விஷயம். நூறு ரூபாய் பணக்காரர் கையைவிட்டுப் போனால் அவருக்குத் தெரியாது. இல்லாதவர் கைக்கு வந்தால் அது பெரிய தொகை. வெப்பமும் அப்படித்தான்: சூடான பொருள் இழக்கும் என்ட்ரோபியைவிட, அதே வெப்பத்தை வாங்கும் குளிர்ந்த பொருள் பெறும் என்ட்ரோபி அதிகம்.

காபிக்குக் கணக்குப் போடுவோம். ஆற ஆற அதன் T மாறிக்கொண்டே வருவதால் தொகையிட வேண்டும்:

```
காபி : mc ln(T2/T1) = 0.15 × 4186 × ln(303/353) ≈ −95.9 J/K
அறை  : Q/T = 31400/303 ≈ +103.6 J/K
மொத்தம் ≈ +7.7 J/K
```

காபியின் என்ட்ரோபி குறைந்திருக்கிறது, கவனியுங்கள். “என்ட்ரோபி எப்போதும் கூடும்” என்று விடைத்தாளில் எழுதினால் அது பிழை. தனித்த அமைப்பின் என்ட்ரோபி குறையாது என்பதே விதி. இங்கே அந்த அமைப்பு காபியும் அறையும் சேர்ந்தது. பெரும்பாலான தவறான விடைகள் சூழலைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதால் வருகின்றன. அடுத்த காரணம் T-ஐ செல்சியஸில் போடுவது: ln(30/80) என்று எழுதினால் −616 J/K வரும். அறை பெற்றது 103.6 மட்டும் என்பதால், இரண்டாம் விதியே உடைந்ததுபோல் தோன்றும்.

சரி, ஏன் இப்படி? பத்து நாணயங்களைச் சுண்டுங்கள். பத்தும் தலையாக விழ ஒரே ஒரு வழி. ஐந்து தலை, ஐந்து பூ விழ 252 வழிகள். மொத்தம் 1024. எந்த விசையும் நாணயங்களை ஐந்துக்கு ஐந்து என்று தள்ளவில்லை; அந்தப் பக்கம் வழிகள் அதிகம், அவ்வளவுதான். வியன்னாவில் போல்ட்ஸ்மன் கல்லறையில் பொறித்திருக்கும் S = k log W சொல்வதும் இதையே. W என்பது நுண்ணிலைகளின், அதாவது மூலக்கூறுகள் அமையக்கூடிய வழிகளின் எண்ணிக்கை, k = 1.38 × 10⁻²³ J/K, log என்பது இயல் மடக்கை.

நம் 7.7 J/K-ஐ k ஆல் வகுத்தால் சுமார் 5.6 × 10²³. அதாவது ஆறிய நிலைக்குரிய வழிகள் e^(5.6 × 10²³) மடங்கு அதிகம். இந்த எண்ணை விரித்து எழுத ஏறத்தாழ 2.4 × 10²³ இலக்கங்கள் வேண்டும். காபி தானாகச் சூடாவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் மூலக்கூறுகளுக்கு இல்லை. வாய்ப்பு அவ்வளவு அற்பம்.

கலைந்து கிடக்கும் விடுதி அறையை என்ட்ரோபிக்கு உதாரணமாகச் சொல்வதை நாங்கள் விரும்புவதில்லை. புத்தகங்கள் இடம் மாறினால் வெப்பஇயக்கவியல் என்ட்ரோபி கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. அடுக்கும் உங்கள் உடல் வெளிவிடும் வெப்பம்தான் கணக்கில் பெரிது.

தண்ணீர் உறைவது நல்ல சோதனை. 0 °C-இல் 100 கிராம் தண்ணீர் பனிக்கட்டியாக 33,400 ஜூல் வெளிவிட வேண்டும். அதன் என்ட்ரோபி 33400/273 ≈ 122 J/K குறையும். −18 °C ஃப்ரீசரில் சூழல் பெறுவது 33400/255 ≈ 131. மொத்தம் +9, எனவே உறையும். 30 °C அறையில் சூழல் பெறுவது 110 மட்டுமே. மொத்தம் −12, எனவே உறையாது. எதிர்த்திசையில் +12, அதனால் பனி உருகும். உறைநிலை ஏன் 0 °C என்பதும் இதிலேயே இருக்கிறது: சூழலும் 273 K ஆனால் இரண்டும் சமம்.

அந்த 33,400 ஜூலை 255 K-இலிருந்து எடுத்து 303 K அறைக்குள் தள்ளுவது ஃப்ரிட்ஜின் வேலை. 131 J/K-ஐ ஈடுகட்ட அறைக்குக் குறைந்தது 131 × 303 ≈ 39,700 ஜூல் போக வேண்டும். மிச்சமுள்ள 6,300 ஜூல் மின்சாரத்திலிருந்து வந்தாக வேண்டும். இது கார்னோ எல்லை. உண்மையான கம்ப்ரசர் இதைவிடக் கூடுதலாகவே இழுக்கும். வெயில் காலத்தில் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்துவைத்தால் சமையலறை குளிராமல் இன்னும் சூடாவதும் இதனால்தான்: உள்ளிருந்து எடுத்த வெப்பத்தோடு மின்சாரத்தின் பங்கும் பின்பக்கக் கம்பிச்சுருள் வழியே அதே அறைக்குள் இறங்குகிறது.