வினா: பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜப்பான் எவ்வாறு விரைவாக நவீனமயமானது? விரிவாக விடையளி.

1853-இல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெரி போர்க்கப்பல்களுடன் வந்து ஜப்பானின் கதவைத் தட்டினார். அடுத்து வந்த சமமற்ற ஒப்பந்தங்கள் நாட்டை ஆண்ட டோக்குகாவா குடும்ப ராணுவத் தலைவர்களான ஷோகன்களின் பலவீனத்தைக் காட்டின. 1868-இல் சட்சுமா, சோஷு பகுதிச் சாமுராய்கள் பேரரசர் மெய்ஜியின் பெயரால் ஆட்சியைப் பிடித்தனர்.

1871-இல் நிலப்பிரபுக்களின் ஆட்சிப்பகுதிகள் ஒழிக்கப்பட்டு மாவட்டங்கள் ஆயின. அதே ஆண்டு மேலைநாட்டு முறைகளை நேரில் அறிய, அமைச்சர் இவாக்குரா தலைமையிலான தூதுக்குழு அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் புறப்பட்டது. 1872-இல் கல்விச் சட்டம், டோக்கியோ–யோகோஹாமா ரயில், டொமியோகா பட்டு ஆலை. 1873-இல் கட்டாய ராணுவச் சேவை. வேகம் வியக்க வைக்கிறது.

சரி, இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? என் பார்வையில் இதுவே முக்கியமான கேள்வி. 1873-இன் நிலவரி, விளைச்சலைப் பார்க்காமல் நில மதிப்பில் 3 சதவீதத்தைப் பணமாகக் கேட்டது. அரசுக்கு நிலையான வருவாய் கிடைத்தது. விளைச்சல் பொய்த்தாலும் விவசாயி கட்ட வேண்டியிருந்தது. எதிர்ப்பு வலுத்ததால் 1877-இல் வரி 2.5 சதவீதமாகக் குறைந்தது. பட்டு ஏற்றுமதியும் அந்நியச் செலாவணி தந்தது; ஆலைகளில் உழைத்தவர்கள் பெரும்பாலும் கிராமத்து இளம்பெண்கள். ஆகவே இந்த வளர்ச்சியின் சுமையை உழவர்களும் இப்பெண்களுமே அதிகம் தாங்கினர்.

1880-களில் அரசு தன் ஆலைகள் பலவற்றைத் தனியாருக்கு விற்றது. மிட்சுபிஷி போன்ற நிறுவனங்கள் வளர்ந்தன. 1889-இல் அரசியலமைப்பு வந்தது. 1895-இல் சீனாவை வென்ற ஜப்பான் தைவானைக் கைப்பற்றியது.