ஒரு சொட்டு ரத்தத்தில் என்னென்ன, எவ்வளவு?

(எட்டாம் வகுப்பு அறிவியல் மன்ற வாசிப்புத் தாள், ராயபுரம்)

வியாசர்பாடி மைதானத்தில் கால்பந்து ஆடி முட்டி சிராய்க்காத பிள்ளை உண்டா? அந்தக் காயத்தில் வருவதைப் பார்த்துவிட்டு, உடம்புக்குள் சிவப்பாக ஒரு தண்ணீர் ஓடுகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். தண்ணீர் ஓடுவது உண்மை. ஆனால் அந்தத் தண்ணீருக்குச் சிவப்பு நிறமே கிடையாது, வெளிர் மஞ்சள். அதில் நெருக்கியடித்து மிதக்கிற அணுக்கள்தான் சிவப்பு.

இதை ஆய்வுக்கூடத்தில் கண்ணால் பார்க்கலாம். ரத்தப் பரிசோதனைக்கு எடுக்கும்போது ஊதா மூடி போட்ட சின்னக் குழாயில் பிடிப்பார்கள் அல்லவா? ரத்தம் உறையாமல் இருக்க அதற்குள் ஒரு மருந்து தடவியிருக்கும். அந்தக் குழாயை அசைக்காமல் நிறுத்தி வைத்தால் கனமான அணுக்கள் மெல்லக் கீழே இறங்கும். அவசரம் என்றால் வேகமாகச் சுழற்றும் இயந்திரத்தில் வைப்பார்கள், சில நிமிடங்களில் பிரிந்துவிடும். அப்போது மேலே மஞ்சள் நீர், கீழே அடர்சிவப்பு, இரண்டுக்கும் நடுவே வெள்ளையாக ஒரு மெல்லிய கோடு தெரியும்.

மேலே நிற்கும் மஞ்சள் நீரின் பெயர் பிளாஸ்மா. பெரியவர்களின் ரத்தத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 55 பங்கு இதுதான். மீதி 45 பங்கு அணுக்கள், அதிலும் ஏறத்தாழ எல்லாமே சிவப்பணுக்கள். வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் சேர்ந்துதான் அந்த வெள்ளைக் கோடு. இரண்டையும் கூட்டினாலும் நூற்றில் ஒரு பங்கு தேறாது. ஆணுக்கும் பெண்ணுக்கும், வயதுக்கு வயது இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். உங்கள் வயதில் அணுக்களின் பங்கு 40-ஐ ஒட்டி இருக்கும்.

பிளாஸ்மாவில் பத்தில் ஒன்பது பங்கு வெறும் தண்ணீர். மற்றதில் பெரும்பகுதி புரதம். அல்புமின் என்ற புரதம் ரத்தக் குழாயை விட்டுத் தண்ணீர் வெளியே கசிந்துவிடாமல் இழுத்துப் பிடிக்கிறது. குளோபுலின்களில் ஒரு வகை கிருமியோடு மோதுகிறது. ஃபைப்ரினோஜன் காயத்தில் ரத்தம் உறைய உதவுகிறது. இவற்றோடு உப்பு, சர்க்கரை, ஹார்மோன், சிறுநீரகத்துக்குப் போக வேண்டிய யூரியா எல்லாம் இதே நீரில்தான் கரைந்து போகின்றன. காலையில் சாப்பிட்ட இட்லி சர்க்கரையாக மாறிக் கால் தசைக்குப் போய்ச் சேருவதும் இந்த வழியாகத்தான்.

சரி, சிவப்பணுவுக்கு வருவோம். நடுவில் இரண்டு பக்கமும் கட்டைவிரலால் அமுக்கிய, ஆனால் ஓட்டை விழாத மெதுவடையை நினைத்துக்கொள்ளுங்கள். அதுதான் வடிவம். அகலம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. முதிர்ந்த சிவப்பணுவுக்குள் உட்கருவும் கிடையாது. அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்திலும் ஹீமோகுளோபினை அடைத்து வைத்திருக்கிறது. ஹீமோகுளோபினில் இருக்கும் இரும்புதான் நுரையீரலில் ஆக்சிஜனைப் பிடித்து உடம்பு முழுக்கக் கொண்டு போகிறது. ரத்தம் சிவப்பாகத் தெரிவதும் அதனால்தான்.

காசிமேட்டில் மீன் வாங்கப் போனால் செவுளைத் தூக்கிப் பாருங்கள், புது மீன் என்றால் ரத்தச் சிவப்பு. மீனுக்கும் நமக்கும் அதே ஹீமோகுளோபின். பக்கத்துக் கூடையில் இருக்கும் நண்டுக்கு அது இல்லை. அதன் ரத்தத்தில் இரும்புக்குப் பதில் செம்பு இருப்பதால், ஆக்சிஜன் சேர்ந்தால் லேசான நீலம். அதை வைத்து நம் கையில் தெரியும் நரம்பும் நீலம்தானே என்று கேட்காதீர்கள். அது தோலுக்கடியிலிருந்து வெளிச்சம் திரும்பி வரும் விதம். உள்ளே ஓடுவது கருஞ்சிவப்பு ரத்தமே.

இப்போது எண்ணிக்கை. ஒரு மில்லிலிட்டரில் ஏறக்குறைய 20 சொட்டு என்று வைத்துக்கொண்டால், ஒரு சொட்டில் சுமார் 25 கோடி சிவப்பணுக்கள், ஒரு கோடியே 40 லட்சம் தட்டணுக்கள், மூன்றரை லட்சம் வெள்ளையணுக்கள் இருக்கும். அதாவது வெள்ளையணு ஒன்று என்றால் தட்டணு 40, சிவப்பணு 700. இத்தனை தட்டணுக்கள் இருந்தும் ஏன் இடம் அடைப்பதில்லை? ஒவ்வொன்றும் அவ்வளவு பொடிசு. காயம் பட்டதும் முதலில் ஓடிவந்து ஒட்டிக்கொண்டு அடைப்பு போடுவது இவைதான். வெள்ளையணுக்களில் ஐந்து வகை உண்டு, எல்லாமே காவல் வேலைக்காரர்கள். புண்ணில் வரும் சீழில் பெரும்பகுதி செத்துப்போன வெள்ளையணுக்கள்.

இவை எல்லாம் எலும்பு மஜ்ஜையில் பிறக்கின்றன. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள், தட்டணுவுக்கு ஒரு வாரம், பத்து நாள். அதனால் மஜ்ஜைக்கு விடுமுறையே இல்லை, ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 20 லட்சம் சிவப்பணுக்களைச் செய்து தள்ளுகிறது. அதற்கு இரும்புச்சத்து வேண்டும். சாப்பாட்டில் அது குறைந்தால் ஹீமோகுளோபினும் குறையும், அதுதான் ரத்தசோகை. பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைப் பைக்குள் ஒளித்து வைப்பவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கவும். 12 முதல் 14 வயது வரை 100 மில்லி ரத்தத்தில் 12 கிராமாவது ஹீமோகுளோபின் இருக்க வேண்டும்.

ரத்தப் பரிசோதனைச் சீட்டில் 'பிசிவி' என்று ஒரு வரி இருக்கும். மொத்த ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்பதுதான் அந்த எண். பெரியவர்கள் டெங்கு என்றதும் தட்டணு எவ்வளவு என்று மட்டும் கேட்பார்கள். டாக்டர் பிசிவியையும் விடாமல் பார்ப்பார். டெங்கு முற்றினால் குழாய்ச் சுவர் வழியாகப் பிளாஸ்மா வெளியே கசியும். நீர் குறைந்து அணுக்கள் அப்படியே இருப்பதால் 40 இருந்த பிசிவி 48, 50 என்று ஏறும். புதிதாக ஒரு சிவப்பணுகூடச் சேர்ந்திருக்காது, பங்கு மட்டும்தான் மாறியிருக்கும். வயிற்றுப்போக்கில் உடம்பு நீர் வற்றினாலும் இதே கதைதான். ரத்தசோகையில் நேர்மாறாக, பிசிவி இறங்கும்.

ஸ்டான்லி போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளின் ரத்த வங்கியிலும் இந்தப் பங்குக் கணக்கு உதவுகிறது. ஒருவர் கொடுக்கும் 350 மில்லி ரத்தத்தை அப்படியே ஏற்றாமல் மூன்றாகப் பிரித்துவிடலாம். சிவப்பணுக்கள் ரத்தசோகைக்காரருக்கு, தட்டணுக்கள் அவை குறைந்தவருக்கு, பிளாஸ்மா தீக்காயம் பட்டவர் போன்றோருக்கு. தட்டணுக்கள் ஐந்து நாள்தான் தாங்கும், அதையும் ஆட்டிக்கொண்டே வைக்க வேண்டும். உறைய வைத்த பிளாஸ்மாவோ ஒரு வருடம் வரை இருக்கும். கொடுத்தவர் உடம்பில் பிளாஸ்மா ஓரிரு நாளில் ஊறிவிடும். சிவப்பணுக்கள் நிரம்பச் சில வாரங்கள் ஆகும். நீங்கள் கொடுக்க 18 வயது ஆக வேண்டும், அதுவரை பொறுங்கள்.

அப்புறம் ஒரு கணக்கு. உங்கள் எடையை 75-ஆல் பெருக்கினால் உங்கள் ரத்தம் தோராயமாக எத்தனை மில்லி என்று வரும். 32 கிலோ என்றால் 2,400 மில்லி. அதில் 40 சதவீதம் அணுக்கள், 960 மில்லி. மீதி 1,440 மில்லி பிளாஸ்மா. உங்கள் எடைக்குப் போட்டுப் பார்த்து, வீட்டில் இன்னொருவருக்கும் போட்டு, நோட்டில் எழுதி வாருங்கள். பெரியவர் என்றால் 40-க்குப் பதில் 45 போட வேண்டும்.