வினா 4: செறிவு இனிப்பூட்டிகளும் பருமன் இனிப்பூட்டிகளும்

யாழ்ப்பாணம், திருநெல்வேலியில் இயங்கும் சிறு உற்பத்தி நிலையமொன்று நெல்லி ரசம், திராட்சை ஜாம், கேக் ஆகியவற்றை நீரிழிவு உள்ளவர்களுக்காகச் சீனியின்றித் தயாரிக்க எண்ணுகிறது. செறிவு இனிப்பூட்டிகளையும் பருமன் இனிப்பூட்டிகளையும் வேறுபடுத்தி, இனிப்புக்கு அப்பால் அவை ஆற்றும் பணிகளை இவ்வுற்பத்திகளோடு தொடர்புபடுத்தி விளக்குக. (25 புள்ளிகள்)

விடை

இவ்விரு வகைகளையும் பிரிப்பது, ஒரே அளவு இனிப்பைப் பெற எவ்வளவு திணிவு சேர்க்க வேண்டும் என்பதே. சுக்குரோசின் இனிப்பை 1 எனக் கொண்டால், அஸ்பாட்டேமும் அசிசல்பேம் பொட்டாசியமும் ஏறத்தாழ 200 மடங்கும், சுக்கிரலோஸ் ஏறத்தாழ 600 மடங்கும் இனிப்பானவை. சக்கரின், ஸ்டீவியா இலையிலிருந்து பெறப்படும் ஸ்டீவியோல் கிளைக்கோசைட்டுகள் ஆகியனவும் இந்தச் செறிவு வகையில் அடங்கும். பருமன் இனிப்பூட்டிகள் பெரும்பாலும் பல்லைதரசு அற்ககோல்களாகும். சோபிற்றோல் ஏறத்தாழ 0.6, மல்ற்றிற்றோல் ஏறத்தாழ 0.9, சைலிற்றோல் ஏறத்தாழ 1 என இவற்றின் இனிப்பு சுக்குரோசுக்கு அண்மித்தது என்பதால், சீனிக்குச் சமமான நிறையில் இவற்றைச் சேர்க்கலாம்.

ஒரு லீற்றர் பானத்தில் 100 கிராம் சீனி இருந்தால், அதற்கு ஈடான இனிப்பைச் சுக்கிரலோஸ் ஏறத்தாழ 0.17 கிராமிலேயே தந்துவிடும். இனிப்பு மீண்டாலும் ஏறக்குறைய 100 கிராம் திண்மம் இல்லாமற் போகிறது. சீனி அந்த இடத்தில் நின்று செய்த வேலைகள் எவையென்று முதலிற் கேட்காமல் எந்த மாற்றீட்டையும் தெரிவுசெய்யக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இக்கேள்வி மிகக் கூர்மையாக எழுவது ஜாமிலேதான். வழக்கமான ஜாமில் கரையக்கூடிய திண்மம் ஏறத்தாழ 65 சதவீதம் இருப்பதனால், நுண்ணங்கிகள் பயன்படுத்தக்கூடிய நீரின் அளவான நீர்ச் செயற்பாடு குறைந்து, பூஞ்சணமும் மதுவமும் பெருகுவது கட்டுப்படுகிறது. அத்துடன் உயர் மெதொக்சில் பெக்ரின் கூழாக இறுகுவதற்கு அமிலத்தோடு இந்த அதிக திண்மமும் தேவை. சுக்கிரலோசை மட்டும் சேர்த்தால், ஜாம் இனிக்கும், ஆனால் இறுகாது. திறந்த போத்தலில் விரைவிற் பழுதடையும். சோபிற்றோல் மிகுந்த கரைதிறனுடையது, நீரைப் பிடித்துவைக்கும் ஈரப்பதங்காப்பியுமாகும். ஆகவே கூழமைப்பையும் நீர்ச் செயற்பாட்டையும் பெருமளவு மீட்கக்கூடியது. இன்னொரு பருமன் இனிப்பூட்டியான எரித்திரிற்றோலின் கரைதிறன் குறைவாதலால் அதை அதிகம் சேர்த்தால் ஜாம் மணல்போற் பளிங்காகும். திண்மம் குறைந்த ஜாமையே தயாரிப்பதென்றால், கல்சியத்துடன் இறுகும் தாழ் மெதொக்சில் பெக்ரின், அனுமதிக்கப்பட்ட பாதுகாப்புப் பொருள், குளிரூட்டற் சேமிப்பு ஆகியன வேண்டும்.

நெல்லி ரசத்தில் நிலை வேறு. குடிக்கும் நிலையிலுள்ள பானத்திற் சீனியின் பருமன் பணி குறைவு என்பதால், செறிவு இனிப்பூட்டி இங்கு பொருந்தும். இழக்கப்படும் வாய்நிறைவைச் சிறிதளவு தடிப்பாக்கியால் ஈடுசெய்யலாம். நெல்லியின் புளிப்பையும் துவர்ப்பையும் இனிப்பு தணிக்கிறது. செறிவு இனிப்பூட்டிகளுட் சில சுவை மேம்படுத்தியாகவும் தொழிற்படுகின்றன. அசிசல்பேமையும் அஸ்பாட்டேமையும் கலந்தால் தனித்தனி இனிப்புகளின் கூட்டுத்தொகையை விட அதிக இனிப்புக் கிடைப்பதோடு, பின்கசப்பும் குறையும். எனினும் அஸ்பாட்டேம் சூடாக்கலிலும் நீண்ட சேமிப்பிலும் சிதைந்து இனிப்பை இழப்பதால், பாச்சராக்கம் செய்யப்படும் இந்த ரசத்துக்குச் சுக்கிரலோசே ஏற்றது. நீர் சேர்த்துக் குடிக்கும் செறிந்த ரசமாயின், அதில் சீனியே ஓரளவு பாதுகாப்பளித்து வந்ததென்பதால், ஜாமுக்குச் சொன்ன எச்சரிக்கை இதற்கும் பொருந்தும்.

கேக்கிற் சீனி, மாஜரினுடன் அடிக்கும்போது காற்றைப் பிடித்துவைக்கிறது. மாப்பொருள் கூழாகும் வெப்பநிலையை உயர்த்தி, கேக் உப்புவதற்கு நேரம் தருகிறது. மென்மையையும் ஈரத்தையும் பேணுகிறது. இவற்றுக்கு மல்ற்றிற்றோலே நெருங்கிய மாற்றீடு. ஆயினும் பல்லைதரசு அற்ககோல்களிற் தாழ்த்தும் காபனைல் கூட்டம் இல்லாமையால் மேற்பரப்பைப் பழுப்பாக்கும் மயிலாட் தாக்கத்தில் அவை பங்குபற்றா. கேக்கின் மேற்பரப்பு வெளிறியே இருக்கும். சைலிற்றோலும் எரித்திரிற்றோலும் கரையும்போது வெப்பத்தை உறிஞ்சி வாயிற் குளிர்ச்சி தருவது மிட்டாய்க்கும் சூயிங்கத்துக்கும் விரும்பத்தக்கதே தவிர, கேக்குக்கு அன்று. பல்லிலுள்ள பற்றீரியாக்கள் இவற்றை எளிதில் நொதிக்கச்செய்து அமிலம் உண்டாக்குவதில்லை என்பதும் சூயிங்கத்தில் இவை பயன்படக் காரணம்.

நீரிழிவுக்கெனச் சொல்லி விற்கும் பொருளாதலால் சிட்டையில் உண்மை இருக்க வேண்டும். மல்ற்றிற்றோல் சிறிதளவேனும் குருதிக் குளுக்கோசை உயர்த்தும். பல்லைதரசு அற்ககோல்கள் பெரும்பாலும் கிராமுக்கு ஏறத்தாழ 2.4 கிலோகலோரி சக்தி தருவதால் 'சக்தியற்றது' என எழுதுதல் தவறு. அவை முற்றாக உறிஞ்சப்படாததால் அளவுக்கு மிஞ்சினால் வயிற்றோட்டமும் வாயுவும் ஏற்படலாம், இவ்வெச்சரிக்கை தேவை. அஸ்பாட்டேம் சேர்த்தால், பீனைல்அலனினை உடலில் உடைக்க முடியாத பிறவிநோயான பீனைல்கீற்றோனூரியா உள்ளவர்களுக்காக அதில் பீனைல்அலனின் உண்டென்று குறிப்பிட வேண்டும். எம்மூரிற் பலர் நம்புவதுபோலப் பனங்கட்டி சீனிக்கு மாற்றாகாது. அதுவும் பெரும்பாலும் சுக்குரோசே.

ஆகவே நிலையத்துக்கு நான் பரிந்துரைப்பது: ரசத்துக்குச் சுக்கிரலோசும் சிறிதளவு தடிப்பாக்கியும், ஜாமுக்குச் சோபிற்றோலும், குறையும் இனிப்பை நிரப்பச் சுக்கிரலோசும், கேக்குக்கு மல்ற்றிற்றோலும் இனிப்புக் குறையுமிடத்து மிகச் சிறிதளவு சுக்கிரலோசும்.