ஒரு மாவு மில்லின் பண்டிகை வாழ்த்துகள்: பினாங்கு, 2026

பொங்கல்

பொங்கலோ பொங்கல்!

மாவு மில்லுக்கு வேலையே வைக்காத பண்டிகை இது ஒன்றுதான். அரிசி நேராகப் பானைக்குள் போய்விடுகிறது. எங்களுக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை, நாங்களும் வீட்டில் பானையைச் சுற்றித்தான் நிற்கப்போகிறோம்.

கோல மாவுக்காக மட்டும் சிலர் வருவார்கள். "நல்லா நைசா அரைச்சுக் கொடுங்க" என்பார்கள். நைஸ் மாவு விரலில் ஒட்டிக்கொண்டு, இழை விட்டு விட்டு விழும். கொஞ்சம் நெருநெருப்பாக இருந்தால்தான் கோடு ஓடும். வீட்டு மிக்சியில் அரிசியைப் போட்டு நாலு சுற்று சுற்றினாலே போதும், இதற்காக டவுனுக்குள் கார் நிறுத்த இடம் தேடி அலைய வேண்டாம்.

பிளாட்டில் கேஸ் அடுப்பில் பொங்க வைப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் வாழ்த்து. பால் கிழக்கே பொங்கினால் நல்லது. மேற்கே பொங்கினால் அடுப்பு சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

தைப்பூசம்

நாளை விடியும் முன்பே பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டுவிடும். குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலிலிருந்து தங்க ரதமும் கிளம்பும். 2017-இல் தங்க ரதம் வந்ததிலிருந்து எங்கள் வட்டாரத்தில் "நீங்கள் எந்த ரதத்தோடு நடக்கிறீர்கள்?" என்பது ஒரு கேள்வியாகிவிட்டது. எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி. இரண்டும் தண்ணீர்மலைக்குத்தான் போகின்றன என்று பாட்டி சொல்லிவிட்டார், பேச்சு அதோடு முடிந்தது.

காவடி எடுப்பவர்களுக்கும், பால்குடம் சுமப்பவர்களுக்கும், மலைக்கோயிலின் 513 படிகளையும் ஏறப்போகிறவர்களுக்கும் எங்கள் வணக்கம்.

தேங்காய் உடைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உடைத்த கையோடு சிரட்டைத் துண்டுகளைச் சாலையோரமாகத் தள்ளிவிடுங்கள். பின்னால் வருபவர்கள் வெறுங்காலோடு வருகிறார்கள், சிலர் குழந்தையைத் தோளில் சுமந்துகொண்டு கீழே பார்க்க முடியாமல் வருகிறார்கள்.

வழியில் எங்கள் ஆட்கள் மோர் கொடுப்பார்கள். பேனர் எதுவும் கட்டவில்லை, எந்தப் பந்தல் எங்களுடையது என்று தேட வேண்டாம். எதில் நிழல் இருக்கிறதோ அதில் ஒதுங்கிக் குடியுங்கள். குடித்த கப்பை மட்டும் பையில் போட்டுவிடுங்கள்.

மில் மூன்று நாள் மூடியிருக்கும். வேல் வேல்!

சீனப் புத்தாண்டு

குதிரை ஆண்டு பிறக்கிறது. கோங் சி ஃபா சாய்!

இடது பக்கக் கடை அங்கிளுக்கும், மாடியில் இருக்கும் ஆன்ட்டிக்கும்: வருடம் முழுக்க எங்கள் இயந்திரச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்கிறீர்கள். முதல் இரண்டு நாள் இயந்திரம் ஓடாது. நன்றாகத் தூங்குங்கள்.

நோன்புப் பெருநாள்

சலாமத் ஹரிராயா! பெருநாள் வாழ்த்துகள்!

ஒரு மாதமாக மாலை ஆனதும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் பக்கமிருந்து கஞ்சி வாங்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தபடியே கடை சாத்தினோம். எங்கள் மேசைக்கும் ஒரு தூக்கு கஞ்சி வந்துகொண்டே இருந்தது. கொடுத்து அனுப்பிய வீடுகளுக்கு நன்றி, தூக்குகளைக் கழுவி வைத்திருக்கிறோம்.

ரெண்டாங்குக்கு மல்லி, சீரகம், சோம்பு அரைத்தாகிவிட்டது. கெரிசிக்கை மட்டும் தயவுசெய்து கொண்டுவராதீர்கள். வறுத்த தேங்காய் எண்ணெய் விடும், கல் அடைத்துக்கொள்ளும். வீட்டு உரலில் இடிப்பதுதான் அதற்கு அழகு.

சித்திரைப் புத்தாண்டு

ஏப்ரல் 14. மாங்காய், வெல்லம், வேப்பம்பூ. வேப்பம்பூ கிடைக்காதவர்கள் கேட்கிறார்கள்: எங்களிடமும் இல்லை. பக்கத்து வீட்டில் மரம் இருந்தால் சொல்லுங்கள், நாங்களும் வருகிறோம். புத்தாண்டு வாழ்த்துகள்.

தீபாவளி, இரண்டு வாரம் முன்பாக

இந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. வாழ்த்தைக் கொஞ்சம் சீக்கிரமே சொல்லிவிடுகிறோம், அன்றைக்கு யாருக்கும் போனைப் பார்க்க நேரம் இருக்காது.

முறுக்கைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். எங்கள் வீட்டுக் கணக்கு நாலு பங்கு பச்சரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. உளுந்தை மணம் வரும்வரை வறுத்து, ஆறவிட்டு அரைக்க வேண்டும். உளுந்து குறைந்தால் முறுக்கு கல்லாகும். பிசையும்போது வெண்ணெய் கூடினால் எண்ணெயிலேயே உதிரும். இதெல்லாம் உங்கள் அம்மாவுக்குத் தெரியும், அவர் சொன்னபடியே செய்யுங்கள்.

நாங்கள் சொல்ல வேண்டியது ஈரத்தைப் பற்றி. பினாங்கில் அக்டோபர் மழை மாதம். அரிசியைக் கழுவி மொட்டை மாடியில் காயவைத்துவிட்டு வேலைக்குப் போனால், திரும்பி வரும்போது அது மறுபடி ஊறியிருக்கும். துணியில் மெல்லியதாகப் பரப்பி, வீட்டுக்குள் காற்றாடிக்கு அடியில் இரவு முழுக்க விடுங்கள். கையில் அள்ளி விட்டால் ஒட்டாமல் பொலபொலவென்று விழ வேண்டும். ஈர அரிசியைக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்புகிறோம் என்று சிலருக்குக் கோபம். என்ன செய்வது, மாவு கட்டிதட்டிப் போகும், உங்களுக்குப் பின்னால் நிற்பவரின் மாவும் அதோடு கெடும்.

அரைத்த மாவு சூடாக இருக்கும். அப்படியே டின்னில் போட்டு மூடிவிட்டால் உள்ளே வியர்த்து, நாலு நாளில் வாடை வந்துவிடும். வீட்டுக்குப் போனதும் ஒரு தாம்பாளத்தில் கொட்டி ஆறவையுங்கள். எந்த மில்லில் அரைத்தாலும் இதுதான்.

நெய் உருண்டைக்குப் பாசிப்பயறு வறுப்பவர்களே, தயவுசெய்து பொறுமை. தெருவே மணக்கும்போது இறக்குங்கள், அதற்கு முன்னால் இறக்கினால் உருண்டையில் பச்சை வாடை நிற்கும்.

காலையில் அரிசி, மதியம் பயறு வகை, கடைசியாக மிளகாய். இந்த வரிசையை யாருக்காகவும் மாற்ற மாட்டோம். மிளகாய் ஓடிய கல்லில் அரைத்த மாவில் அதிரசம் சுட்டால் மாமியார் எங்களைத்தான் தேடி வருவார்.

நவம்பர் 6, வெள்ளி மாலை 6 மணியோடு இயந்திரத்தை நிறுத்துகிறோம். இங்கே வேலை செய்யும் அண்ணன்களுக்கும் வீடு இருக்கிறது, அங்கேயும் முறுக்கு சுட வேண்டும். "அக்கா, ஒரு கிலோதான்" என்று கதவைத் தட்டாதீர்கள். தட்டினால் மனசு கேட்காது, திறந்துவிடுவோம், அப்புறம் அண்ணன்கள் எங்களிடம் பேச மாட்டார்கள்.

தீபாவளி அன்று

எண்ணெய் தேய்த்துக் குளித்தாயிற்று. திறந்த இல்ல உபசரிப்புக்கு யார் யார் வீட்டுக்குப் போவது என்று இங்கே பெரிய பஞ்சாயத்து நடக்கிறது. உங்கள் எல்லோருக்கும் தீபாவளி வாழ்த்துகள்.

தீபாவளிக்குப் பிறகு

மூன்று டின்கள் இங்கேயே கிடக்கின்றன. ஒன்றின் மூடியில் பச்சை ரிப்பன் கட்டியிருக்கிறது. ஒன்று பழைய பிஸ்கட் டின், உள்ளே அரைத்த பாசிப்பயறு அப்படியே இருக்கிறது. பாவம், அந்த வீட்டில் இந்த வருடம் நெய் உருண்டை இல்லை போலிருக்கிறது. மூன்றாவது, புத்தம்புது எவர்சில்வர் தூக்கு. அதற்கு மட்டும் இதுவரை ஐந்து பேர் உரிமை கொண்டாடிவிட்டார்கள். உண்மையான சொந்தக்காரர், அடியில் என்ன பொறித்திருக்கிறது என்று சொல்லி வாங்கிக்கொள்ளலாம். புதன்கிழமை திறக்கிறோம்.