தண்ணீர் ராக்கெட்: எவ்வளவு தண்ணீர், எந்தக் கோணம்?

ஒன்பதாம் வகுப்பு, அறிவியல் மன்றச் செய்முறைத் தாள்

சனிக்கிழமை காலை 6.30க்கு மைதானத்தில் இருங்கள். எட்டரைக்குள் முடித்துவிடுவோம். தை மாதம் என்றாலும் வெயில் ஏறியதும் காற்று எழும்பிவிடும். அதற்குப்பின் எடுக்கும் அளவுகளை நம்ப முடியாது.

நாம் தேடுவது இரண்டு விடைகள். ஒரு லிட்டர் பாட்டிலில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினால் ராக்கெட் அதிக உயரம் போகும்? ஏவும் கோணத்தைச் சாய்த்தால் உயரம் எவ்வளவு குறையும்? தண்ணீரை மாற்றும்போது கோணத்தைத் தொடாதீர்கள். கோணத்தை மாற்றும்போது தண்ணீர் அதே அளவு. அழுத்தம் எப்போதும் 60 பி.எஸ்.ஐ.

அழுத்தம் மாறாமல் இருப்பதற்காகத்தான் ரப்பர் கார்க்கை விட்டுவிட்டோம். கார்க் எப்போது பிடுங்கிக்கொள்ளும் என்பது அதை எவ்வளவு இறுக்கிச் செருகினோம் என்பதைப் பொறுத்தது. ஒருமுறை 35இல் கிளம்பும், மறுமுறை 50இல். அப்புறம் உயர வித்தியாசம் தண்ணீரால் வந்ததா, கார்க்கால் வந்ததா என்று யார் சொல்வது? நம் ஏவுமேடையில் பாட்டிலின் கழுத்தைக் கேபிள் டைகள் பிடித்திருக்கும். அவற்றைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் குழாய் வளையத்தைக் கயிற்றால் கீழே இழுத்தால் பிடி விடும். எத்தனையாவது முறை ஏவினாலும் அழுத்தம் ஒன்றுதான்.

உயரத்தை அளப்பது

பாகைமானியில் நூல் கட்டி, தூரத்தில் நின்று கோணம் பார்க்கும் முறை பாடப்புத்தகத்துக்கு அழகானது. செங்குத்தாக ஏவினால் சரியாகவும் வரும். சாய்த்து ஏவினால் உச்சிப்புள்ளி ஏவுமேடைக்கு நேர் மேலே இருக்காது. உங்களுக்கும் அதற்கும் எவ்வளவு தூரம் என்று தெரியாமல் கணக்கு தவறிவிடும். அதனால் ஸ்டாப்வாட்ச் போதும். கிளம்பியதிலிருந்து தரையில் விழும்வரை ஆகும் நேரம் T நொடி என்றால், அதில் பாதி இறங்குவதற்கு. ஆகவே உயரம் மீட்டரில்:

h = 1.23 × T²

எந்தக் கோணத்துக்கும் இது பொருந்தும். காற்றுத்தடையை இது கணக்கில் எடுக்கவில்லை, அதனால் உண்மையான உயரம் கொஞ்சம் மாறும். ஒப்பிட்டுப் பார்க்க இது தாராளம். ஆனால் 4.5 நொடியை 4.7 என்று அழுத்திவிட்டால் 2 மீட்டருக்கு மேல் பிழை. எனவே மூன்று பேர் நேரம் பார்ப்பார்கள், நடுவில் உள்ள எண்ணை எடுப்போம். சராசரி வேண்டாம், ஒருவர் தூங்கிவிட்டால் சராசரி கெட்டுவிடும்.

போன சனிக்கிழமை நானும் பதினொன்றாம் வகுப்பு மாணவர் இருவரும் முன்னோட்டம் பார்த்தோம். 85 பாகையில் கிடைத்தவை:

| தண்ணீர் (மி.லி.) | நேரம் (நொடி) | உயரம் (மீ) |
|---|---|---|
| 0 | 2.4 | 7.1 |
| 100 | 3.8 | 17.8 |
| 200 | 4.6 | 26.0 |
| 300 | 4.9 | 29.5 |
| 400 | 4.7 | 27.2 |
| 500 | 4.2 | 21.7 |
| 600 | 3.5 | 15.1 |

தண்ணீர் கூடக்கூட உயரமும் கூடிக்கொண்டே போகும் என்றுதான் அந்த இருவரும் பந்தயம் கட்டினார்கள். ஏன் அப்படி ஆகவில்லை? தண்ணீர் வெறும் எறிபொருள்தான்; அதை எறியும் வேலையைச் செய்வது அழுத்தப்பட்ட காற்று. 60 பி.எஸ்.ஐ. என்று மீட்டர் காட்டும்போது உள்ளே வளிமண்டலத்தைப் போல் சுமார் 5 மடங்கு அழுத்தம். 300 மி.லி. தண்ணீர் என்றால் காற்றுக்கு 700 மி.லி. இடம். தண்ணீர் முழுதும் வெளியேறும்போது பாயில் விதிப்படி அழுத்தம் 3.5 மடங்காகக் குறையும். கடைசிச் சொட்டுவரை நல்ல உந்தல். 600 மி.லி. ஊற்றினால் காற்று 400 மி.லி.தான், முடிவில் 2 மடங்கு. சட்டென்று விரியும் காற்று குளிர்ந்தும் விடுவதால் உண்மையில் இவை இன்னும் குறைவு. பின்பாதித் தண்ணீரை எறியத் தெம்பில்லாமல், அதைத் தூக்கிச் சுமக்கும் வேலைதான் மிச்சம். தண்ணீரே இல்லாவிட்டால் எறிய கனமாக எதுவும் இல்லை. 'டப்' என்ற சத்தம்தான் பெரிது.

அந்தக் குளிர்ச்சியைக் கண்ணால் பார்க்கலாம். விழுந்த பாட்டிலை உடனே எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள்: உள்ளே வெள்ளையாக மூட்டம். புகையல்ல, மேகம்.

நீங்கள் 250, 350 மி.லி. இரண்டையும் சேர்த்து ஏவ வேண்டும். உச்சம் 300இல்தான் என்று என் அட்டவணை நிரூபிக்கவில்லை.

கோணத்துக்கு 300 மி.லி. வைத்துக்கொண்டோம்: 75 பாகையில் 27.2 மீ, 60இல் 22.7, 45இல் 13.4. கொஞ்சம் சாய்த்தால் உயரம் அவ்வளவாகக் குறைவதில்லை, 60க்குக் கீழே மளமளவென்று சரிகிறது. மேல்நோக்கிய வேகம் சைன் கோணத்தைப் பொறுத்தது, உயரம் அதன் வர்க்கத்தை. சைன் 45இன் வர்க்கம் 0.5, ஆனால் நம் 13.4 அந்தப் பாதியையும் எட்டவில்லை. ஏன் என்று யோசித்து எழுதுங்கள். (துப்பு: மேடையைவிட்டுக் கிளம்பும் கணத்தில் ராக்கெட் இன்னும் மெதுவாகத்தான் போகிறது.)

மைதான விதிகள்

இரண்டு வருடம் முன்பு ஆடிக்காற்றில் 60 பாகையில் ஏவினேன். அம்மியையே நகர்த்தும் காற்று பாட்டிலை விடுமா? இறக்கை வைத்த ராக்கெட் காற்று வரும் திசைக்கே முகம் திருப்பும். சுற்றுச்சுவரைத் தாண்டி டீக்கடைக் கூரையில் போய் விழுந்தது. யாருக்கும் அடியில்லை, தப்பு என்னுடையது. இப்போது மரக்கிளை ஆடினாலே ஏவுவதில்லை.

1. சோடா, கோலா வந்த பாட்டில் மட்டும். குடிநீர் பாட்டில் மெலிது, அழுத்தம் தாங்காது. கீறல், மடிப்பு இருந்தால் குப்பைக்கு. 15 முறை ஏவியதும் புது பாட்டில்.
2. இறக்கைகளை டேப்பால் ஒட்டுங்கள். சூடான பசை பாட்டிலை இளக்கும், உடனடிப் பசை நொறுங்க வைக்கும். மூக்கில் பஞ்சுப் பந்து மட்டும். உலோகம், கூரான எதுவும் கூடாது.
3. 60 பி.எஸ்.ஐ.க்கு மேல் ஒரு அடிகூட அடிக்கக் கூடாது. பம்ப் அடிப்பவர் மீட்டரைப் பார்க்க வேண்டும், நண்பரை அல்ல.
4. ஏவுமேடை மைதானத்தின் கிழக்கு ஓரத்தில், மேற்கு நோக்கி. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும், கண் கூசாது. பம்ப் அடிப்பவரையும் கயிறு இழுப்பவரையும் தவிர எல்லோரும் கயிற்றுக்கோட்டுக்குப் பின்னால், 15 மீட்டர் தள்ளி. நேரம் பார்ப்பவர்கள் பக்கவாட்டில் 20 மீட்டர்.
5. நேர் 90 பாகையில் ஏவுவதில்லை. மேலே போனது நம் தலைக்கே வரும்.
6. கயிறு 6 மீட்டர். பம்ப் அடிப்பவரும் இழுப்பவரும் கண்ணாடி அணிந்திருக்க வேண்டும். அழுத்தம் ஏறிய பாட்டிலுக்கு மேலே யாரும் குனியக் கூடாது.
7. கயிறு இழுத்தும் கிளம்பவில்லையா? யாரும் நகராதீர்கள். ஒரு நிமிடம் கழித்து நான் மட்டும் பம்ப் பக்கம் போய், வால்வைத் திறந்து காற்றை விடுவேன்.
8. "மைதானம் காலி" என்று இரண்டு பக்கக் காவலர்களும் கை தூக்கிய பிறகே 5, 4, 3 எண்ணுவோம். இடையில் யார் "நில்" என்றாலும் நிற்க வேண்டும், காரணம் அப்புறம் கேட்கலாம்.
9. விழும் ராக்கெட்டைக் கையால் பிடிக்காதீர்கள். மரத்திலோ மின்கம்பியிலோ மாட்டினால் அது போனது போனதுதான்.

புதிய பாட்டில் ஒவ்வொன்றையும் வெள்ளிக்கிழமை மாலையே சோதிப்பேன்: விளிம்புவரை தண்ணீர் நிரப்பி 80 பி.எஸ்.ஐ. ஏற்றுவேன். தண்ணீர் அமுங்காது என்பதால் உடைந்தாலும் வெடிக்காது, வழிந்துவிடும். அதில் தேறி, என் கையெழுத்து உள்ள பாட்டில் மட்டுமே மைதானத்துக்கு வரும்.

ஒவ்வொரு அளவுக்கும் மூன்று முறை ஏவுங்கள். குழுவுக்கு ஒரு வரைபடத்தாள், அளவுக் குடுவை, தொப்பி. கயிறு இழுப்பவர் மாற்றுச் சட்டை கொண்டு வரவும்.