ஜூலை 4 பாப்பாவின் கடைசி நாள்: முன்னறிவிப்பு, கட்டணக் கணக்கு, அக்காக்களுக்கு ஒரு கடிதம்

2025 ஜூன் 2, திங்கள்

மேடம், வணக்கம்.

நேரில் சொல்லலாம் என்று போன வாரம் இரண்டு நாள் வாசலிலேயே நின்றேன். காலையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற நெருக்கடியில் சொல்ல மனம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். பாப்பாவை ஜூலை 4, வெள்ளிக்கிழமையோடு காப்பகத்திலிருந்து நிறுத்திக்கொள்கிறோம். சேர்க்கைப் படிவத்தில் 30 நாள் முன்னறிவிப்பு என்று இருக்கிறது. இன்றிலிருந்து கணக்குப் போட்டால் அது ஜூலை 2 புதன்கிழமை முடிகிறது, வாரத்தின் நடுவில் நிறுத்தினால் அவளுக்குக் குழப்பமாக இருக்கும் என்று வெள்ளிவரை வைத்துக்கொண்டோம். இந்த மின்னஞ்சலையே எழுத்துப்பூர்வ முன்னறிவிப்பாக எடுத்துக்கொண்டு, கிடைத்தது என்று ஒரு வரி பதில் போட்டுவிடுங்கள்.

காரணம் என் வேலை இடம் மாறுவதுதான். புது அலுவலகம் நேர் எதிர்த் திசையில் இருக்கிறது, உங்களிடம் விட்டுவிட்டுப் போனால் ஒரு நாளில் மூன்று மணி நேரம் வண்டியிலேயே போய்விடும். அந்தக் கட்டிடத்தின் கீழ்த்தளத்திலேயே ஒரு காப்பகம் இருக்கிறது, மதியம் நான் இறங்கி வந்து அவளைப் பார்க்க முடியும். உங்கள் மீதோ அங்கே வேலை செய்பவர்கள் மீதோ குறை இருந்து போகிறோமா என்ற எண்ணம் யாருக்கும் வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறேன். காத்திருப்புப் பட்டியலில் இருக்கிற குடும்பத்துக்கு ஜூலை 7 திங்கள் முதல் அந்த இடத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம், நாங்கள் முடிவை மாற்றப் போவதில்லை.

சரி, பணக் கணக்கு. நான் போட்டுப் பார்த்ததை எழுதுகிறேன், உங்கள் பதிவேட்டோடு ஒத்துப்போகிறதா பாருங்கள்.

ஜூன் மாதக் கட்டணம் முழுவதும் இன்று காலை கட்டியாகிவிட்டது. ஜூலையில் 23 வேலை நாட்கள், அதில் பாப்பா வரப்போவது 1 முதல் 4 வரை நான்கு நாள் மட்டும். அதனால் ஜூலைக்கு 23-இல் 4 பங்குதான் நாங்கள் தர வேண்டியது. அதைத் தனியாக வாங்க வேண்டாம், முன்பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள். கழிக்கும்போது இந்த ஏப்ரலில் உயர்ந்த புதுக் கட்டணத்தின்படியே கழியுங்கள், அதுதான் நியாயம். முன்பணம் மட்டும் 2023 நவம்பரில் நாங்கள் கட்டிய பழைய தொகைதான், ரசீது நகலை இணைத்திருக்கிறேன்.

அடுத்தது மே 13, 14, 15. தண்ணீர்க் குழாய் உடைந்து காப்பகம் மூடியிருந்த மூன்று நாள். காப்பகம் தன் காரணத்தால் மூடினால் அந்த நாட்களை அடுத்த மாதம் கழித்துத் தருவதாகப் படிவத்தில் இருக்கிறது, ஆனால் ஜூன் பில்லில் அது வரவில்லை. வேலைப் பளுவில் விட்டுப் போயிருக்கும். மேயில் 22 வேலை நாட்கள், ஆக மே கட்டணத்தில் 22-இல் 3 பங்கு எங்களுக்கு வர வேண்டும். ஏப்ரலில் அவளுக்குக் காய்ச்சல் வந்து நான்கு நாள் வராமல் இருந்ததற்கு நான் எதுவும் கேட்கவில்லை. அது எங்கள் பக்கத்து விடுப்பு, அவள் வராவிட்டாலும் அவளைப் பார்த்துக்கொள்கிறவர்கள் அன்று வேலைக்கு வந்துதானே இருந்தார்கள்.

மே மாதத்தில் இரண்டு நாள் அரை மணி நேரம் தாமதமாக வந்து அழைத்துப் போனேன். அந்தக் கூடுதல் நேரக் கட்டணமும் பில்லில் வரவில்லை, தயவுசெய்து சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு மாலையும் மாலை ஷிஃப்ட் அக்கா தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே இவளோடு கட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். முடிந்தால் அந்தத் தொகை அவர் கைக்கே போகட்டும்.

உணவுக் கட்டணம் மே, ஜூன், ஜூலை மூன்று மாதத்துக்கும் சேர்த்து முன்பே கட்டியது. அதில் ஜூலையில் மிச்சம் 19 நாள், மேயில் மூடிய 3 நாள், மொத்தம் 22 நாள் உணவுக் கட்டணம் திரும்ப வர வேண்டும். விளையாட்டுப் பொருட்களுக்கான வருடக் கட்டணம் திருப்பித் தர முடியாதது என்று சேரும்போதே சொல்லியிருந்தீர்கள், அதைக் கேட்கவில்லை. கழிக்க வேண்டிய நாலு நாளுக்கும் எங்களுக்கு வர வேண்டிய மூன்று நாளுக்கும் நேர்செய்தால், கூடுதல் நேரம் தவிர, ஒரு நாள் கட்டணத்துக்கும் சற்றுக் குறைவாகத்தான் முன்பணத்தில் குறையும். மீதி முன்பணமும் உணவுக் கட்டணமும் மாதக் கட்டணம் அனுப்புகிற அதே வங்கிக் கணக்குக்கு வந்தால் போதும். படிவத்தின்படி கடைசி நாளிலிருந்து 15 நாள், அதாவது ஜூலை 19. அது சனிக்கிழமை, 21 திங்கள் ஆனாலும் எங்களுக்குச் சரிதான்.

பணத்தைவிட எனக்கு முக்கியமான சில விஷயங்கள் இருக்கின்றன. அவளுடைய தடுப்பூசி அட்டையின் நகலும் ஒவ்வாமைக் குறிப்பும் உங்கள் கோப்பில் இருக்கின்றன, கடைசி நாள் அவற்றை வாங்கிக்கொள்கிறேன். அழைத்துப் போக அனுமதி பெற்றவர்கள் பட்டியலிலிருந்து எங்கள் மூன்று பேரின் பெயரையும் எடுத்துவிடுங்கள், கேமரா பார்க்கும் செயலியில் எங்கள் கணக்கையும் ஜூலை 4 மாலையே மூடிவிடுங்கள். மற்ற பிள்ளைகள் இருக்கிற அறையை நாங்கள் தொடர்ந்து பார்க்கிற நிலை இருக்கக் கூடாது. பெற்றோர் குழுவிலிருந்து நானே விலகிக்கொள்கிறேன். சுவரில் இருக்கிற அவள் படம் அங்கேயே இருக்கட்டும், விளம்பரத்துக்கு மட்டும் இனி அவள் படங்களைப் பயன்படுத்த வேண்டாம்.

அவளுக்கு இன்னும் நாங்கள் சொல்லவில்லை. இரண்டேகால் வயதில் "அடுத்த மாதம்" என்றால் ஒன்றும் புரியாது, வீணாகப் பதற்றம்தான். ஜூலை 1 செவ்வாய்க்கிழமை இரவு வீட்டில் நாங்களே சொல்கிறோம். அதுவரை அவள் காதுபட யாரும் பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சொன்ன பிறகு அவள் கேட்டால், "புது இடத்துக்குப் போகப் போற, அங்கேயும் விளையாடலாம், சாயந்திரம் அம்மா வந்துடுவாங்க" என்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னால் நல்லது. நாளைக்கும் இங்கே வருவாய் என்று சமாதானத்துக்குக்கூடச் சொல்ல வேண்டாம். அப்புறம், அவளைத் தூங்கவைக்கிற முறையை அக்காக்கள் யாராவது அரைப் பக்கம் எழுதித் தந்தால் புது இடத்தில் காட்டுவேன். வீட்டில் எனக்கே அது இன்னும் கைவரவில்லை, அங்கே பத்து நிமிடத்தில் தூங்கிவிடுகிறாள்.

கீழே உள்ளது அக்காக்களுக்கு. மதியம் பிள்ளைகள் தூங்குகிற நேரத்தில் அவர்களிடம் படித்துக் காட்டுங்கள், அல்லது அச்செடுத்துக் கொடுங்கள்.

அன்புள்ள பாட்டு அக்கா, தொப்பி அக்கா, கதவு அக்கா,

உங்கள் பெயர்கள் எனக்குத் தெரியும், ஆனால் எங்கள் வீட்டில் உங்களுக்கு இந்தப் பெயர்கள்தான், இவள் வைத்தது. எட்டு மாதக் குழந்தையாக உங்களிடம் விட்டேன். முதல் நாள் வெளியே சுவரோரம் நின்று அவள் அழுகையைக் கேட்டுக்கொண்டே இருந்தேன், அது நின்ற பிறகும் போகவில்லை. அன்று மாலை தினக்குறிப்பு நோட்டில் "காலையில் 20 நிமிடம் அழுதாள், அப்புறம் ஜன்னலில் பூனையைப் பார்த்தாள், 1.10 முதல் 2.45 வரை தூங்கினாள்" என்று எழுதியிருந்தது. அழவே இல்லை என்று எழுதியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். அந்த 20 நிமிடத்தை உள்ளபடி எழுதினீர்கள் பாருங்கள், அதனால்தான் மறுநாளும் கொண்டுவந்து விட்டேன்.

அந்த வயதில் ஆள் கண்ணை விட்டு மறைந்தால் திரும்பி வருவார்கள் என்பதே குழந்தைக்கு மெல்லத்தான் பிடிபடும். தொப்பி அக்கா முகத்தில் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு "காணோமே, காணோமே" என்று நாளைக்கு எத்தனை முறை விளையாடினீர்களோ தெரியாது, ஒரு மாதம் கழித்து வீட்டில் நான் அடுத்த அறைக்குப் போனபோது அவள் அழாமல் கதவையே பார்த்துச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது நீங்கள் கற்றுக்கொடுத்தது.

நான் கொண்டுவருகிற தாய்ப்பால் பாட்டில்களில் தேதி பார்த்து, பழையதை முதலில் எடுத்து, வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்துச் சூடாக்கிக் கொடுத்தீர்கள். மிச்சம் வைத்ததை மறுபடி கொடுக்காமல் கொட்டினீர்கள், எவ்வளவு குடித்தாள் என்று எழுதினீர்கள். ஒரு நாள்கூட இதில் தவறியதில்லை. அந்த நம்பிக்கையில்தான் அவளுக்கு ஒரு வயது ஆகும்வரை என்னால் பால் கொடுக்க முடிந்தது.

அவள் இன்னொரு பிள்ளையைக் கடித்துவைத்த நாளை நான் மறக்க மாட்டேன். வெட்கத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடிபட்டது எந்தப் பிள்ளை என்று பாட்டு அக்கா கடைசிவரை சொல்லவில்லை, என் பிள்ளையைக் கெட்டவள் என்றும் சொல்லவில்லை. "பேச்சு வர்ற வரைக்கும் வாய்தான் பேசும், 'வேணாம்'னு சொல்லக் கத்துக் கொடுப்போம்" என்றீர்கள். மூன்று வாரத்தில் வீட்டில் எல்லாவற்றுக்கும் "வேணாம்" ஆரம்பித்தது, கடிப்பது நின்றது.

போன ஏப்ரலில் காய்ச்சல் 102-ஐத் தொட்டபோது எனக்கு ஃபோன் அடித்து, நான் வரும்வரை கதவு அக்கா மடியிலேயே வைத்திருந்தீர்கள். என்னைக் கேட்காமல் மருந்து கொடுக்கவில்லை, கொடுக்கலாமா என்று கேட்டு, அளவை இரண்டு முறை திருப்பிச் சொல்லி, கொடுத்த நேரத்தை எழுதிவைத்தீர்கள். மருத்துவர் முதலில் கேட்டதே அந்த நேரத்தைத்தான்.

ஒரே அறையில் எட்டுப் பிள்ளைகளோடு நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து, துடைத்து, தூக்கி, பாடி, அதற்கு நடுவே என் பிள்ளைக்கு எந்தக் காதோரம் கைவைத்தால் தூக்கம் வரும் என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறீர்கள். இந்த இருபது மாதமும் அலுவலகத்தில் என் மனம் வேலையில் நின்றது உங்களால்தான். புது இடத்தில் அவள் முதல் நாள் அழத்தான் செய்வாள், உங்களைத் தேடித்தான் அழுவாள், அதில் எனக்கு வருத்தம் இல்லை.

அவளுடைய மாற்று உடைகளையும் தண்ணீர்க் குடுவையையும் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் நீலப் போர்வையைக் கடைசி நாள் வரை துவைக்க வேண்டாம், அந்த அறையின் வாசனையோடு புது இடத்துக்குக் கொண்டுபோக ஆசைப்படுகிறேன். சிறியதாகிப்போன அவளுடைய காலணிகளும் துணிப்புத்தகங்களும் நல்ல நிலையில் இருக்கின்றன, அறையில் வைத்துக்கொள்ள விருப்பம் என்றால் கொண்டுவருகிறேன்.

ஜூலை 4 அன்று மாலை வரை காத்திருக்காமல் மதியம் 2.45-க்கே வந்துவிடுகிறேன். காலை ஷிஃப்ட் முடிந்து பாட்டு அக்கா மூன்று மணிக்குக் கிளம்பிவிடுவார், அதற்குள் இவள் தூங்கி எழுந்துவிட்டால் மூன்று அக்காக்களும் ஒரே நேரத்தில் அறையில் இருப்பீர்கள். எழவில்லை என்றால் அன்று ஒரு நாள் மட்டும் எழுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
பாப்பாவின் அம்மா, அப்பா